சார்ட் காட்டும் ஆர்எஸ்ஐயும் பைத்தான் தரும் ஆர்எஸ்ஐயும்

ஒரு பங்கின் 14 நாள் ஆர்எஸ்ஐயை டிரேடிங்வியூ சார்ட் ஓர் எண்ணாகக் காட்ட, அதே பங்குக்கு அதே நாளில் பைத்தான் நிரல் இரண்டு மூன்று புள்ளிகள் தள்ளி வேறோர் எண்ணைத் தருவது அடிக்கடி நடக்கிறது. இரண்டில் எதிலும் பிழை இல்லாமலே இப்படி ஆகலாம். ஆர்எஸ்ஐ என்பது ஒரே சூத்திரத்தின் பெயர்போலத் தோன்றினாலும், அதைக் கணக்கிடுகிறவர் இரண்டு இடங்களில் தேர்வு செய்தாக வேண்டும். சராசரியை எந்த எண்ணில் தொடங்குவது என்பது ஒன்று. தொடங்கிய பின் ஒவ்வொரு புதிய நாளுக்கும் எவ்வளவு எடை தருவது என்பது இன்னொன்று. பல நிரல்களில் இந்தத் தேர்வை எழுதியவர் செய்திருக்கவே மாட்டார். அவர் பயன்படுத்திய நூலகம் அவருக்காகச் செய்து முடித்திருக்கும்.

ஆர்எஸ்ஐயை அமெரிக்கரான வெல்லஸ் வைல்டர் 1978இல் வெளியிட்டார். ஏடிஆர், ஏடிஎக்ஸ், பாராபாலிக் எஸ்ஏஆர் ஆகியவையும் அதே ஆண்டு வந்த அவரது ‘நியூ கான்செப்ட்ஸ் இன் டெக்னிக்கல் டிரேடிங் சிஸ்டம்ஸ்’ என்ற நூலில் உள்ளவைதான். அவர் வகுத்த முறை இது. ஒவ்வொரு நாளும் முடிவு விலை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று இரண்டு பட்டியல்கள் போட வேண்டும். ஏறிய நாளில் இறக்கம் பூஜ்யம்; இறங்கிய நாளில் ஏற்றம் பூஜ்யம். முதல் 14 மாற்றங்களின் சாதாரணச் சராசரிதான் தொடக்க மதிப்பு. அடுத்த நாளிலிருந்து, நேற்றைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய மாற்றத்தைக் கூட்டி, 14ஆல் வகுக்க வேண்டும். ஏற்றச் சராசரியை இரு சராசரிகளின் கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஆர்எஸ்ஐ கிடைக்கும். தாளும் கால்குலேட்டரும் வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு இது வசதியான ஏற்பாடு: பழைய விலைகள் எதையும் புரட்ட வேண்டாம், நேற்றைய இரண்டு சராசரிகள் மட்டும் கையில் இருந்தால் போதும்.

வசதி எதுவோ அதுவே சிக்கலுக்கும் காரணம். நேற்றைய சராசரி முந்தாநாள் சராசரியிலிருந்து வந்தது. அது அதற்கு முந்தையதிலிருந்து. இப்படிப் போனால் தொடக்க மதிப்பின் சாயல் எல்லா நாளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். கையால் போட வசதியாக 14க்குப் பதில் 5 நாள் ஆர்எஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். முடிவு விலைகள் 100, 102, 101, 104, 103, 106, 105, 107 என்று இருக்கட்டும். மாற்றங்கள் +2, −1, +3, −1, +3, −1, +2.

வைல்டர் முறையில் முதல் ஐந்து மாற்றங்களில் ஏற்றம் மொத்தம் 8, சராசரி 1.6. இறக்கம் மொத்தம் 2, சராசரி 0.4. எனவே ஐந்தாம் மாற்றத்தின் ஆர்எஸ்ஐ 1.6 / 2.0, அதாவது 80.00. ஆறாம் மாற்றம் −1. ஏற்றச் சராசரி 1.6 × 4 / 5 = 1.28 ஆகிறது; இறக்கச் சராசரி (0.4 × 4 + 1) / 5 = 0.52 ஆகிறது. ஆர்எஸ்ஐ 71.11. ஏழாம் மாற்றம் +2, சராசரிகள் 1.424, 0.416, ஆர்எஸ்ஐ 77.39.

பைத்தானில் பலரும் எழுதுவது பாண்டாஸ் நூலகத்தின் `ewm(alpha=1/5, adjust=False)`. எடை வைல்டருடையதேதான், ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் இந்தக் கட்டளை ஐந்து நாள் சராசரிக்காகக் காத்திருப்பதில்லை. கண்ணில் பட்ட முதல் மாற்றத்தையே தொடக்க மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. இங்கே அது ஏற்றம் 2, இறக்கம் 0. அங்கிருந்து கணக்கு ஓடினால் ஐந்தாம், ஆறாம், ஏழாம் மாற்றங்களில் ஆர்எஸ்ஐ 87.30, 77.87, 82.57 என்று வரும். ஒரே விலை, ஒரே எடை. தொடக்கம் மட்டும் வேறு. முதல் எண்ணில் ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசம்.

`min_periods=5` என்று சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. அது முதல் நான்கு எண்களை மறைக்கும், அவ்வளவுதான். மறைந்த எண்களுக்குப் பின்னால் கணக்கு முதல் மாற்றத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். வெற்றிடம் சார்ட்டைப் போலவே ஐந்து வரிசைக்கு நீள்வதால் தொடக்கமும் அதைப்போலவே இருக்கிறது என்ற தோற்றம் உண்டாகிறது. இந்தத் தவறு நெடுநாள் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு பழக்கம், ஏற்ற இறக்கங்களைப் பிரிக்க `np.where(diff > 0, diff, 0)` என்று எழுதுவது. முதல் நாளுக்கு முந்தைய விலை இல்லாததால் அன்றைய மாற்றம் வெற்று மதிப்பு. வெற்று மதிப்பு பூஜ்யத்தைவிடப் பெரிதல்ல என்பதால் இந்தக் கட்டளை அதைப் பூஜ்யமாக மாற்றிவிடுகிறது. இப்போது இரண்டு சராசரிகளுக்கும் தொடக்க மதிப்பு 0. விளைவு 81.39, 69.14, 77.58. கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். வைல்டர் முறையில் அது 77.39. கடைசி கேண்டிலை மட்டும் சார்ட்டோடு ஒப்பிட்டவர், 0.2 வித்தியாசம்தானே என்று திருப்தியோடு போய்விடுவார். ஒரு நாள் முன்னால் பார்த்திருந்தால் இரண்டு புள்ளி இடைவெளி தெரிந்திருக்கும்.

`adjust=False` என்று எழுத மறந்தால், பாண்டாஸ் தன் இயல்பான `adjust=True` முறைக்குப் போய், எடைகளின் மொத்தம் எப்போதும் ஒன்று ஆகும்படி ஒவ்வொரு நாளும் சரிசெய்துகொள்ளும். இதன் விளைவும் 81.39, 69.14, 77.58 என்றே வருவது முதலில் வியப்பாக இருக்கும். காரணம் எளிது. எடைகளின் மொத்தத்தால் வகுப்பது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே அளவில் நடக்கிறது. ஆர்எஸ்ஐ ஒரு விகிதம் என்பதால் அது மேலும் கீழும் அடிபட்டுப்போகிறது. ஆக, இறுதி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டு தவறுகளில் எது நடந்தது என்று சொல்லவே முடியாது. ஏற்றச் சராசரியைத் தனியே பார்த்தால் உடனே பிரிந்துவிடும். நல்ல சரிபார்ப்பு இறுதி எண்ணில் தொடங்காமல் இடைநிலை எண்களில் தொடங்குவது இதனால்தான். டிரேடிங்வியூவில் ஒரே ஒரு வரி பைன் நிரல் அந்த இடைநிலை எண்ணைச் சார்ட்டில் வரைந்துவிடும்:

```
//@version=5
indicator("up")
plot(ta.rma(math.max(ta.change(close), 0), 14))
```

இதில் `ta.rma` என்பதுதான் வைல்டர் சராசரி. முதல் மதிப்புக்குச் சாதாரணச் சராசரியை எடுத்துக்கொண்டு, பிறகு 14இல் ஒரு பங்கு எடையில் நகர்கிறது. அதற்கு இணையான பைத்தான் வடிவம் இது:

```python
import numpy as np

def wilder(x, n):
    out = np.full(len(x), np.nan)
    out[n] = x[1:n+1].mean()
    for i in range(n + 1, len(x)):
        out[i] = (out[i-1] * (n - 1) + x[i]) / n
    return out

d = df["close"].diff().to_numpy()
g = wilder(np.maximum(d, 0), 14)
l = wilder(np.maximum(-d, 0), 14)
rsi = 100 * g / (g + l)
```

வரிசை எண் 0இல் மாற்றம் கிடையாது என்பதால் சராசரி 1 முதல் 14 வரையிலான மாற்றங்களுக்கு எடுக்கப்படுகிறது. முதல் ஆர்எஸ்ஐ பதினைந்தாம் கேண்டிலில் வரும். பதினான்காம் கேண்டிலிலேயே எண் வந்துவிட்டால், வெற்றாக இருக்க வேண்டிய முதல் மாற்றம் பூஜ்யமாகி உள்ளே நுழைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது எடை. வழக்கமான இஎம்ஏ சராசரியில் 14 நாள் என்றால் புதிய நாளின் எடை 2/15. வைல்டர் சராசரியில் 14 நாள் என்றால் 1/14. ஏறக்குறைய பாதிதான். வைல்டரின் 14 நாள், எடையளவில் இஎம்ஏயின் 27 நாளுக்குச் சமம். பாண்டாஸில் `span=14` என்று எழுதினால் கிடைப்பது இஎம்ஏ. வைல்டர் வேண்டுமானால் `com=13` அல்லது `alpha=1/14` என்று எழுத வேண்டும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் தொடக்க மதிப்பைச் சரியாக வைத்து, எடையை மட்டும் இஎம்ஏ முறையில் மூன்றில் ஒரு பங்காக்கினால் வரும் எண்கள் 80.00, 64.00, 77.50. முதல் எண் அச்சு மாறாமல் பொருந்துகிறது. நடுவில் ஏழு புள்ளி இடறுகிறது. மூன்றாவது எண் மறுபடியும் 77.39க்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. ஏழாம் நாளை மட்டும் பார்த்தவருக்கு மூன்று வெவ்வேறு தவறுகளும் சரியாகவே தோன்றும்.

தளத்துக்குத் தளம் சீராக்கும் முறை மாறுவதும் உண்டு. இதற்கு ஆர்எஸ்ஐயைவிட ஏடிஆர் நல்ல சான்று. டிரேடிங்வியூவின் ஏடிஆர் இயல்பாக வைல்டர் சராசரியைப் பயன்படுத்துகிறது. வேண்டுமானால் அமைப்புப் பெட்டியில் மாற்றிக்கொள்ளலாம். மெட்டாடிரேடர் 5உடன் வரும் ஏடிஆர் சாதாரண நகரும் சராசரியைப் பயன்படுத்துகிறது. பெயர் ஒன்று, 14 என்ற எண்ணும் ஒன்று, கோடுகள் வேறு. எந்தத் தளத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் ‘சரியான ஏடிஆர்’ என்று தேடுவது வீண்வேலை.

தவறு எங்கே என்பதைக் கண்டுபிடிக்கத் தனி எண்களைவிட வித்தியாசத்தின் வடிவம் உதவும். தளத்தின் எண்ணிலிருந்து பைத்தான் எண்ணைக் கழித்து, அந்த வித்தியாசத்தை நாள்வாரியாக ஒரு கோடாக வரைய வேண்டும். தொடக்க மதிப்பு மட்டும் வேறாக இருந்தால், ஒவ்வொரு நாளும் சராசரிகளில் உள்ள வித்தியாசம் 13/14 மடங்காகச் சுருங்கும். சுமார் ஒன்பது கேண்டில்களுக்கு ஒருமுறை பாதியாகும். 50 கேண்டிலில் தொடக்கத்தில் இருந்ததில் 2.5 சதவீதம் மிஞ்சும். 100 கேண்டிலில் 0.06 சதவீதம். ஆர்எஸ்ஐ இரண்டு சராசரிகளின் விகிதம் என்பதால் அதன் வித்தியாசம் இவ்வளவு ஒழுங்காக இறங்காது, ஆனால் போக்கு அதேதான்: இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி வலப்பக்கம் பூஜ்யத்தில் படுத்துவிடும். எடை வேறாக இருந்தால் இப்படிப் படுக்காது. ஆயிரம் கேண்டில் தாண்டினாலும் விலை துள்ளும்போதெல்லாம் வித்தியாசமும் மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு. வித்தியாசம் பல மாதங்கள் பூஜ்யத்திலேயே இருந்து, ஒரு நாள் திடீரென்று எகிறி, பிறகு மெல்லத் தேய்ந்து மறைகிறது. இது சூத்திரத்தின் தவறே அல்ல. அந்த ஒரு நாளின் விலையில்தான் வேறுபாடு. பெரும்பாலும் அது ஈவுத்தொகை கழிந்த நாளாக இருக்கும். டிரேடிங்வியூ நாள் சார்ட் இயல்பாக ஈவுத்தொகைக்காகப் பழைய விலைகளைத் திருத்துவதில்லை. பைத்தானில் விலை எடுக்கப் பலர் பயன்படுத்தும் yfinance நூலகத்தின் இப்போதைய பதிப்புகளில் `auto_adjust` இயல்பாகவே `True`. திருத்தம் என்பது அந்த நாளுக்கு முந்தைய விலைகள் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்குவதுதான். ஆர்எஸ்ஐ விகிதம் என்பதால், எல்லா விலையும் ஒரே அளவில் மாறினால் அது அசைவதில்லை. ஆகவே அந்த நாள்வரை இரண்டும் பொருந்தும். அன்று மட்டும் ஒரு தளம் விலை இறங்கியதாகவும் மற்றொன்று இறங்கவில்லை என்றும் கணக்கிடும். தேசியப் பங்குச் சந்தைப் பங்குகளில் இன்னொரு காரணமும் குறுக்கிடலாம். நீண்ட காலமாக அங்கே அதிகாரபூர்வ முடிவு விலை என்பது கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி. கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை அல்ல. ஒரு தரவு இதையும் இன்னொன்று அதையும் தந்தால் வித்தியாசம் ஒரு நாளில் எகிறாது, எல்லா நாளிலும் சிறு இரைச்சலாக இருக்கும்.

இந்த விலைச் சிக்கல்களைச் சூத்திரச் சிக்கலோடு கலக்காமல் இருக்க ஒரே வழி, விலையையும் தளத்திடமே வாங்குவது. சார்ட்டின் தரவைக் கோப்பாக இறக்கினால் முடிவு விலையும் வரையப்பட்ட ஆர்எஸ்ஐயும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசையில் வரும். அந்த விலையைப் பைத்தானுக்குக் கொடுத்து, அந்த ஆர்எஸ்ஐயோடு ஒப்பிட வேண்டும். இன்னும் முடியாத இன்றைய கேண்டில் கடைசி வரிசையில் இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். முதலில் சூத்திரம் பொருந்தட்டும். வேறு மூலத்திலிருந்து வரும் விலையைப் பிறகு தனியாகச் சோதித்துக்கொள்ளலாம்.

இறக்கிய கோப்பில் ஒரு நெருடல் இருக்கும். முதல் வரிசையிலேயே ஆர்எஸ்ஐ எண் இருக்கும், வெற்றிடம் இருக்காது. தளம் அதற்கு முன்பே எங்கோ கணக்கைத் தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள். அந்தத் தொடக்கம் கோப்பில் இல்லாததால் பைத்தானின் முதல் சில பத்து எண்கள் பொருந்தாமல் போவது தவிர்க்க முடியாதது. வித்தியாசம் தேயும்வரை காத்திருப்பது ஒரு வழி. தொடக்கத்தில் பத்துப் புள்ளி வித்தியாசம் இருந்தால், அது திரையில் தெரியும் இரண்டு தசமத்துக்குக் கீழே, அதாவது 0.005க்குள் போக ஏறக்குறைய 103 கேண்டில் வேண்டும். 14 நாள் ஆர்எஸ்ஐக்கு 250 கேண்டில் தாராளம். ஆனால் 200 நாள் இஎம்ஏக்கு இதே அளவு தேய 760 கேண்டில் ஆகும். ஒரு வருட நாள் தரவை மட்டும் இறக்கிவிட்டு அதைச் சார்ட்டோடு ஒப்பிட்டால் பொருந்த வாய்ப்பே இல்லை.

காத்திருக்கப் பிடிக்காதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. தளத்தின் அடுத்தடுத்த இரண்டு ஆர்எஸ்ஐ எண்களிலிருந்தே அதன் உள்ளே இருக்கும் இரண்டு சராசரிகளையும் மீட்டுவிடலாம். ஆர்எஸ்ஐயை 100லிருந்து கழித்த மீதியால் ஆர்எஸ்ஐயை வகுத்தால் வருவது, ஏற்றச் சராசரிக்கும் இறக்கச் சராசரிக்கும் உள்ள விகிதம். முதல் நாள் விகிதம் `r1`, மறுநாள் விகிதம் `r2`, மறுநாள் ஏற்றம் `u`, இறக்கம் `d` என்றால்:

```
l = (r2*d - u) / ((n-1) * (r1 - r2))
g = r1 * l
```

எடுத்துக்காட்டின் எண்களில் 80.00க்கு `r1` 4. 71.11க்கு `r2` சுமார் 2.4615. ஏற்றம் 0, இறக்கம் 1, `n` 5. வகுத்தால் `l` 0.4, `g` 1.6, முன்பு கையால் போட்ட சராசரிகளே திரும்பி வருகின்றன. இப்படி மீட்ட சராசரிகளைத் தொடக்க மதிப்பாக வைத்துப் பைத்தானை ஓட்டினால், எடை ஒன்றாக இருக்கும்பட்சத்தில் அடுத்த எண்ணிலிருந்தே இரண்டும் ஒட்டிக்கொண்டு போகும். ஒட்டாவிட்டால் தொடக்க மதிப்பின்மேல் பழி போட வழியில்லை, எடைதான் வேறு. விலை நன்றாக நகர்ந்த ஒரு நாளை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலை அசையாத நாளில் `r1`, `r2` இரண்டும் ஒன்றாகிவிடும், பூஜ்யத்தால் வகுக்க நேரும். கோப்பில் உள்ள முழுத் தசமங்களையும் பயன்படுத்த வேண்டும். திரையில் தெரியும் இரண்டு தசமங்களை வைத்து மீட்டால் மூன்றாம் நான்காம் தசமத்தில் பிசகும்.

முழுத் தசமங்களோடு ஒப்பிடும்போது, சூத்திரமும் தொடக்கமும் ஒன்றானால் வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 0.01, 0.02 என்று நிலையாக நிற்கும் வித்தியாசத்தைக் கணினியின் தசமப் பிசகு என்று ஒதுக்குவது சரியல்ல. தசமப் பிசகு அதைவிடப் பல மடங்கு சிறியது.

இவ்வளவும் பொருந்திய பிறகும் மெத்தனமாக வர்த்தகமாகும் பங்குகளில் ஓரிரு வரிசைகள் மட்டும் பொருந்தாமல் நிற்கலாம். தொடக்கத்திலிருந்து விலையே மாறாத பங்கில் ஏற்றச் சராசரி, இறக்கச் சராசரி இரண்டும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்கிறது. அப்போது டிரேடிங்வியூவில் உள்ள ஆர்எஸ்ஐ 100 என்று காட்டும், மெட்டாடிரேடர் 5 அதை 50 என்று வைக்கும், டிஏ-லிப் நூலகம் 0 தரும், மேலே உள்ள பைத்தான் நிரல் வெற்று மதிப்பைத் தரும். எதற்கும் கணித நியாயம் கிடையாது. ஒவ்வொன்றும் எழுதியவரின் முடிவு. எந்தத் தளத்தோடு ஒப்பிடுகிறோமோ அதன் முடிவை நிரலில் ஒரு தனி வரியாக எழுதி வைத்தால் கடைசி வரிசையும் பொருந்திவிடும்.